ஆறு வருடமாக ஸ்விம்லேன் வரைகிறேன்: அந்த ஒற்றை அம்பின் மேல் எனக்குள்ள கோபம்

திருமங்கலத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, வெள்ளிக்கிழமை எங்கள் துறைகளுக்கு வேலை எப்படிக் கைமாறுகிறது என்று நான் விளக்க வேண்டும். ஸ்விம்லேன் படம் போட்டால் போதுமா?" போதும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் சொன்ன பதிலில் திருப்தி இல்லை. கப்பலூர்ப் பக்கம் ஒரு ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நடைமுறை விளக்கக் கூட்டம் நடத்துவதுதான் என் பிழைப்பு. ஆறு வருடத்தில் இந்தப் படத்தை நான் வரைந்த அளவுக்கு வீட்டு வாசலில் கோலம்கூட விழுந்திருக்காது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்விம்லேன் படம் என்றால் துறைக்கு ஒரு தடம், வேலைக்கு ஒரு பெட்டி, கைமாறும் இடத்தில் ஒரு அம்பு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். என் எரிச்சல் அந்த அம்பின் மேல்தான். கிடங்கிலிருந்து தரச்சோதனைக்குப் போகும் அம்பு தாளில் ஒரு அங்குலம். உண்மையில் அங்கே இரண்டு நிமிடம் ஆனாலும் அதே அங்குலம், எட்டு நாள் ஆனாலும் அதே அங்குலம். வேலை நடக்கும் இடத்தைப் பெரிய பெட்டியாகக் காட்டும் படம், வேலை கிடக்கும் இடத்தை மெல்லிய கோடாக்கிவிடுகிறது. எங்கள் தொழிற்சாலையில் தாமதம் பெட்டிக்குள் இருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அது எப்போதும் கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கு உலோகத் துண்டுகள் செய்துதரும் சிறு பட்டறைக்காரர் ஒருவர் பணம் தாமதமாக வருகிறது என்று நேரில் வந்து சத்தம் போட்டார். "பில் வந்த 45 நாளில் கொடுத்துவிடுகிறோம்" என்று கணக்குத் துறை சாதித்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. கொள்முதல், கேட், கிடங்கு, தரச்சோதனை, கணக்கு என ஐந்து தடம் போட்டு, பழக்கமான முறையில் கணினியில் அழகாக வரைந்து கொண்டுபோனேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ஒன்றும் வெளியே வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் கணினியை விட்டுவிட்டு, சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி, ஒரே ஒரு விதி வைத்தேன்: அம்பின் வாலை அனுப்புகிறவர் வரைய வேண்டும், தலையைப் பெறுகிறவர் வரைய வேண்டும். இந்த விதியை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எரிச்சலில் பிறந்தது. கேட்டில் இருக்கும் அண்ணன் பேனாவை வாங்கி, லாரி டிரைவர் கொடுக்கும் பில்லுக்காகத் தன் தடத்திலிருந்து கணக்குத் தடம் வரை கோடு இழுத்தார். கணக்கில் இருக்கும் அக்கா தலை போட மறுத்தார். "பில் என் கைக்கு நேராக வருவதே இல்லை. கொள்முதலிலிருந்துதான் வரும்" என்றார். கொள்முதல்காரர் சொன்னார்: "அதை வைத்து நாங்கள் என்ன செய்வது? எங்களுக்கு அது தேவையே இல்லை." கோடு இரண்டு தடத்துக்கு நடுவில் தலையில்லாமல் நின்றது. அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் நான் இந்தப் படத்தை இன்னும் வரைகிறேன்.

பில் போய்ச் சேர்ந்த இடம் கொள்முதல் அறை வாசலில் இருக்கும் மரத்தட்டு. யாராவது கண்ணில் பட்டால் கணக்குக்குக் கொண்டுபோவார்கள். இன்னொரு அம்பும் இப்படித்தான். சரக்கு வந்ததும் கிடங்கில் சீட்டு எழுதி வைப்பார்கள். தரச்சோதனை ஆள் வாரம் இருமுறைதான் அந்தப் பக்கம் வருவார். சோதனை என்னவோ நாற்பது நிமிட வேலை. அது முடிந்தால்தான் ஜி.ஆர்.என் என்கிற சரக்கு ஏற்புச் சீட்டு போட முடியும். ஆர்டர், சரக்கு ஏற்புச் சீட்டு, பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கில் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு அம்பின் மேலும் எத்தனை நாள் கிடந்தது என்று சிவப்புப் பேனாவில் எழுதச் சொன்னேன். அந்தப் பட்டறைக்காரரின் ஒரு பில்லுக்கு, சரக்கு இறங்கிய நாளிலிருந்து கணக்குத் துறை எண்ணத் தொடங்கிய நாள் வரை 19 நாள். அதற்குப் பிறகு 45. கூட்டினால் 64.

இங்கேதான் வயிற்றைக் கலக்கியது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கான கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. அந்த நாள் எண்ணிக்கை பில் மேசைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து தொடங்குகிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டத்தின் கடிகாரம் கேட் தடத்தில் ஓட ஆரம்பிக்கிறது, எங்கள் கடிகாரம் கணக்குத் தடத்தில். அக்கா எழுந்துபோய், கேட் தடத்தில் முதல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு '0' என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இப்படிச் சொன்னால் நான் படத்தைப் புகழ்வதாகத் தோன்றும். நியாயமாகப் பார்த்தால், படம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. முதல் கூட்டத்தில் இருந்ததும் இதே படம்தான், இதே ஐந்து தடம்தான், கணக்கு வரை ஓடிய அழகான அம்புதான். அனுப்புகிறவர் சொன்னதை மட்டும் கேட்டு வரைந்தால், அது நடப்பதைக் காட்டாமல் நடப்பதாக நம்புவதைக் காட்டும்.

சில்லறைக் குறைகளும் உண்டு. இருவர் சேர்ந்து செய்யும் வேலைக்கு இதில் இடமே இல்லை, ஒரு பெட்டி ஒரு தடத்தில்தான் உட்கார முடியும். எங்களிடம் துண்டுகளை எண்ணுவது கிடங்கும் தரச்சோதனையும் சேர்ந்துதான். பெட்டியை யார் தடத்தில் வைப்பது என்பதில் அரைமணி நேரம் சண்டை. கடைசியில் கையெழுத்து யாருடையதோ அவர் தடத்தில் என்று முடிவானது, தோற்றவர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கணினியில் வரைந்தாலோ, நடுவில் ஒரு தடம் சேர்த்தால் நான் கையால் வளைத்து வைத்த அம்புகள் எல்லாம் கலைந்துவிடும். அதோடு படம் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் வந்து அமர்வார். "வெளி ஆள் என்றால் தடம் கூடாது, தடங்களுக்கு வெளியே குளம் என்கிற தனிக் கட்டம் வேண்டும், நடுவில் விட்டு விட்டுப் போகும் கோடு வேண்டும்" என்பார். இந்தப் படங்களுக்கான பி.பி.எம்.என் என்கிற குறியீட்டு முறையின் விதிப்படி அவர் சொல்வது சரி. ஆனால் கேட் அண்ணனுக்கு நேர்கோடும் விட்டு விட்டுப் போகும் கோடும் ஒன்றுதான். சுவர்த்தாளில் அந்தப் பட்டறைக்காரருக்கு நான் தடமும் போடவில்லை, குளமும் போடவில்லை. மேலே ஒரு லாரி வரைந்தேன். எல்லோருக்கும் புரிந்தது.

தம்பிக்கு மறுபடி போன் செய்தேன். "வெள்ளிக்கிழமைக்கு அந்தப் படத்தைக் கொண்டுபோகாதே" என்றேன். "ஏன் அண்ணே, போதும் என்றீர்களே?" என்றான். வரைந்த படத்தைக் கொண்டுபோனால் தலையாட்டல்தான் கிடைக்கும், வெறும் தாளும் நாலு பேனாவும் கொண்டுபோ, அதில் ஒன்று சிவப்பாக இருக்கட்டும் என்றேன். அவன் கொஞ்சம் ஏமாந்த மாதிரித்தான் போனை வைத்தான். கணினியில் ஏற்கெனவே வரைந்து முடித்திருப்பான் போல. நான் டவுன்ஹால் ரோட்டில் இறங்கி, அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சார்ட் தாள் பத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.