அக்ரிலிக்கா பிளைவுட்டா: 4 வருஷமா லேசர்ல வெட்டினதுல எனக்குத் தெரிஞ்சது

60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் மெஷின் ஒண்ணு வச்சு நேம் போர்டும், ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்களுக்கு மாடலும் வெட்டித் தர்றேன். பெரும்பாலும் 3 மி.மீ. அக்ரிலிக், இல்லன்னா 4 மி.மீ. பிளைவுட்.

ஓரம் அழகா வேணும்னா அக்ரிலிக்தான், வெட்டும்போதே உருகி கண்ணாடி மாதிரி வந்துடும், ஆனா ஏர் அசிஸ்ட்டை மெதுவா வைக்கணும், காத்து வேகமா அடிச்சா உருகினது சட்டுனு இறுகி ஓரம் மங்கலா வெள்ளையாயிடும். காத்தை மொத்தமா நிறுத்தினா தீ பிடிக்கும், பக்கத்துலயே நில்லுங்க. பிளைவுட்டுக்கு நேர்மாறு, காத்து பலமா இருந்தாதான் கரி கம்மி, அப்பவும் ஓரத்தைத் தொட்டா கையில கரி ஒட்டும். மேல்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டினா புகைக்கறை படியாது.

புகைன்னா அக்ரிலிக் நெடி மூக்கைத் துளைக்கும், எக்ஸாஸ்ட் இல்லாம வெட்டவே கூடாது. பிளைவுட் நெடி அவ்வளவு தெரியாது, ஆனா அதுல மரத்தோட பசையும் சேர்ந்து எரியுது, அதனால அதையும் சாதாரணமா நினைக்காதீங்க. அந்தப் புகை தார் மாதிரி லென்ஸ்ல படியும், நேத்து வெட்டின அதே செட்டிங்ல இன்னைக்கு வெட்டலைன்னா முதல்ல லென்ஸைத் துடைச்சுப் பாருங்க. ஆனா லென்ஸ் சுத்தமா இருந்தும் ஒரே இடத்துல மட்டும் வெட்டாம நின்னா, பிளைவுட்டுக்குள்ள பசையோ ஒட்டுப் போட்ட துண்டோ கட்டியா இருக்குன்னு அர்த்தம். சன்போர்டை மட்டும் லேசர்ல வைக்கவே வைக்காதீங்க, அது பிவிசி, வர்ற அமிலப் புகை நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிச்சிடும்.

பலம்னு வந்தா எனக்கு ஒரு அடி விழுந்துச்சு. ஒரு கிளினிக்குக்கு 60 செ.மீ. அக்ரிலிக் போர்டு, ஸ்க்ரூ சைசுக்கே ஓட்டை போட்டு இறுக்கி மாட்டினேன், வெயில் பக்கச் சுவர், கொஞ்ச மாசத்துல நாலு ஓட்டையிலிருந்தும் விரிசல். அக்ரிலிக் சூட்டுல நல்லா விரியும், அந்த நீளத்துக்கு 30 டிகிரி ஏறினாலே 1 மி.மீ.க்கு மேல நீளும், நான் நகர இடமே விடலை. போதாததுக்கு வெட்டின ஓரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருந்தேன், லேசர் சூட்டுல ஏற்கனவே இறுக்கத்துல இருக்குற ஓரத்துல அது பட்டா முடி முடியா விரிசல் விடும். திரும்ப செஞ்சப்போ ஓட்டையை 2 மி.மீ. பெருசாக்கி, வாஷர் போட்டு லூசா மாட்டி, சோப்புத் தண்ணியில மட்டும் துடைச்சேன், ரெண்டு கோடை தாண்டி அப்படியே இருக்கு.

சொருகி நிக்கிற மாடலுக்கு நான் பிளைவுட்தான் சொல்வேன், இறுக்கமா தட்டிச் சொருகினாலும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அக்ரிலிக்ல அதே ஸ்லாட்டோட உள்மூலையில பட்டுனு விட்டுடும், மூலையைக் கொஞ்சம் வட்டமாக்கி வரைஞ்சா பரவாயில்ல. ஆனா பிளைவுட்டை மழை படுற இடத்துல வைக்காதீங்க, வெட்டின ஓரம் வழியா தண்ணி இறங்கி ஒவ்வொரு லேயரா பிரியும்.