+3 ஜனதாவா, −25 ஜனதாவா? டைம்கிராஃபர் துண்டை வைத்து ஓர் ஒப்பீடு

இரண்டுமே எச்எம்டி ஜனதா, கையால் சாவி கொடுக்கும் ரகம். ஒன்று கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் இருந்தது, இன்னொன்று தருமபுரியில். கேட்ட விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, கிருஷ்ணகிரி வாட்ச்தான் கொஞ்சம் கூடுதல். வாங்கப்போகிறவன் ஓசூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன். வாட்சின் சத்தத்தைக் கேட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் மெஷின்தான் டைம்கிராஃபர். இரண்டு கடைக்காரர்களும் அதன் அளவுத் துண்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை என்னிடம் காட்டி, எதை எடுக்கலாம் என்று கேட்டான். இரண்டையும் முழுச் சாவி கொடுத்து, சில நிமிடம் ஓடவிட்ட பிறகு, மூன்று நிலைகளில் எடுத்த அளவுகள் இவை. 'சாவி கீழே' என்றால் சாவி கொடுக்கும் குமிழ் கீழே பார்க்க வாட்ச் நிமிர்ந்து நிற்பது:

| நிலை | கிருஷ்ணகிரி வாட்ச் | தருமபுரி வாட்ச் |
|---|---|---|
| டயல் மேலே | +3 வினாடி, 192°, 2.8 மி.வி. | −25 வினாடி, 274°, 0.6 மி.வி. |
| டயல் கீழே | +6 வினாடி, 188°, 2.8 மி.வி. | −22 வினாடி, 270°, 0.6 மி.வி. |
| சாவி கீழே | −48 வினாடி, 158°, 3.4 மி.வி. | −34 வினாடி, 241°, 0.7 மி.வி. |

முதல் எண் ரேட். ஒரு நாளைக்கு எத்தனை வினாடி கூடுகிறது அல்லது குறைகிறது என்பது அது. இரண்டாவது ஆம்ப்ளிட்யூட், அதாவது நேரத்தைக் காக்க முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீல் நடு நிலையிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி சுழன்று திரும்புகிறது என்பது. மூன்றாவது பீட் எரர். 'டிக்' எடுக்கும் நேரமும் 'டாக்' எடுக்கும் நேரமும் எவ்வளவு ஏறுமாறாக இருக்கின்றன என்பதை அது மில்லிவினாடியில் சொல்கிறது.

துண்டில் இருந்த கோடுகளை மட்டும் பார்த்தால் யாருக்கும் முதலில் கிருஷ்ணகிரி வாட்ச்தான் பிடிக்கும். கோடு மட்டமாகப் போகிறது. இரண்டு கோடாகப் பிரிந்திருக்கிறதே தவிர ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தருமபுரி வாட்சின் கோடு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வரிசை போலத் தெரிகிறது, ஆனால் கீழ்நோக்கிச் சரிகிறது. "பாருங்க சார், மூணு செகண்டுதான் கூடுது, புதுசுல கூட இப்படி வராது" என்றாராம் கிருஷ்ணகிரிக் கடைக்காரர். டயல் மேலே இருக்கும் நிலையில் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் வாட்சை யாரும் டயல் மேலே பார்க்க மேசையில் வைத்தே கட்டிக்கொள்வதில்லை.

என் தீர்ப்பு தருமபுரி வாட்ச். காரணத்தை ரேட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாற்றுவது அந்த எண்தான்.

பேலன்ஸ் வீலை மேலிருந்து பிடித்திருக்கும் பேலன்ஸ் காக் என்ற தகட்டின் மேல் ரெகுலேட்டர் என்று ஒரு சின்ன முள் இருக்கும். அதை நகர்த்தினால், பேலன்ஸைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் மாறும். நீளம் குறைந்தால் வாட்ச் வேகமாகும், கூடினால் மெதுவாகும். இது எல்லா நிலைகளையும் ஏறக்குறைய ஒரே அளவு தூக்கும் அல்லது இறக்கும். தருமபுரி வாட்சில் அதை 30 வினாடி அளவு வேகமாக்கினால் மூன்று நிலைகளும் +5, +8, −4 என்று வந்து நிற்கும். மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 12 வினாடி. இத்தனை வயதான ஒரு ஜனதாவுக்கு இது மிக நல்ல நிலை.

கிருஷ்ணகிரி வாட்சில் அதே வித்தியாசம் 54 வினாடி. ரெகுலேட்டரை எங்கே வைத்தாலும் அந்த 54 அப்படியேதான் இருக்கும். சாவி கீழே இருக்கும் நிலையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் டயல் மேலே +51 ஆகிவிடும். கையில் கட்டினால் எல்லா நிலைகளும் கலந்து வரும். ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் அரை நிமிடம் பின்தங்கும். பின்மூடியைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: ரெகுலேட்டர் முள் வேகப் பக்கம் கிட்டத்தட்ட ஓரம்வரை தள்ளப்பட்டிருந்தது. அதாவது அந்த +3 தானாக வந்தது இல்லை, தள்ளி வரவழைத்தது. துண்டோடு சேர்த்து முள்ளின் இடத்தையும் பார்க்காமல் ரேட்டை நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம் ஆம்ப்ளிட்யூட். மூன்று எண்களில் வாட்சின் உடம்பைப் பற்றிப் பேசுவது இதுதான். முழுச் சாவியில், படுக்கை நிலையில் 270 முதல் 310 வரை இருந்தால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். பழைய, மெதுவான மூவ்மெண்டுக்கு, அதாவது வாட்சின் உள் இயந்திரத்துக்கு, 250 வந்தாலே நான் திருப்தி அடைவேன். நிமிர்ந்த நிலையில் 20 முதல் 40 டிகிரி குறைவது இயல்பு. அங்கே பேலன்ஸ் அச்சின் முனையான பிவட்டின் பக்கவாட்டு உரசல் கூடும். தருமபுரி வாட்ச் 274-லிருந்து 241-க்கு இறங்குகிறது, 33 டிகிரி, சரி. கிருஷ்ணகிரி வாட்சிலும் அதே அளவு 34 டிகிரிதான் இறங்குகிறது. ஆனால் தொடக்கமே 192 என்பதால் போய் நிற்கும் இடம் 158. அவ்வளவு குறைந்த சுழற்சியில் கையின் சின்ன அசைவுகூட ரேட்டைக் கலைக்கும். இன்னும் சாவி இறங்க இறங்க அது மேலும் குறையும்.

இந்த 192 எங்கிருந்து வருகிறது என்று துண்டே கொஞ்சம் சொல்கிறது. டயல் மேலே 192, டயல் கீழே 188, கிட்டத்தட்ட சமம். படுக்கை நிலையில் பேலன்ஸ் ஒரே ஒரு பிவட் நுனியில் நிற்கும், கவிழ்த்தால் மறு நுனியில் நிற்கும். ஒரு நுனி தேய்ந்திருந்தால் இரண்டு எண்களும் நன்றாக விலகியிருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆகவே குறை பேலன்ஸுக்கு முன்னால், சக்தி வந்து சேரும் வழியில் இருக்க வாய்ப்பு அதிகம்: காய்ந்து பசையான எண்ணெய், அழுக்கு ஏறிய வீல்கள், இல்லையென்றால் களைத்துப்போன மெயின்ஸ்பிரிங், அதாவது வாட்சை ஓட்டும் சுருள். வீல்களில் அழுக்கு என்றால் ஆம்ப்ளிட்யூட் பெரும்பாலும் ஏறி இறங்கி ஆடும். மெயின்ஸ்பிரிங் என்றால் பெரும்பாலும் ஒரே சீராகக் குறைவாக நிற்கும். துண்டு இதற்கு மேல் துப்புக் கொடுக்காது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த டிகிரியை மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் இன்னொரு பொறியிலிருந்தும் தப்பலாம். மெஷின் பேலன்ஸைப் பார்ப்பதில்லை, சத்தத்தைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு டிக்கிலும் உண்மையில் மூன்று சின்ன ஓசைகள் உண்டு. முதல் ஓசைக்கும் கடைசி ஓசைக்கும் நடுவில் பேலன்ஸ் கடக்கும் கோணத்துக்கு லிஃப்ட் ஆங்கிள் என்று பெயர். அதைக் கடக்க எடுத்த நேரத்தை அளந்து, பேலன்ஸ் எவ்வளவு வேகம், அதனால் எவ்வளவு சுழற்சி என்று கணக்குப் போடுகிறது. ஜனதா மணிக்கு 18,000 அடி அடிக்கும் வாட்ச். லிஃப்ட் ஆங்கிளை 52 என்று வைத்தால் தருமபுரி வாட்ச் அந்தக் கோணத்தை சுமார் 12 மில்லிவினாடியில் கடக்கிறது, கிருஷ்ணகிரி வாட்ச் சுமார் 17 எடுத்துக்கொள்கிறது. சோர்ந்த பேலன்ஸ் மெதுவாகக் கடக்கும், அவ்வளவுதான்.

ஆக, லிஃப்ட் ஆங்கிளைத் தவறாக வைத்தால் ஆம்ப்ளிட்யூடும் தவறும். உண்மையில் 44 டிகிரி உள்ள ஒரு மூவ்மெண்டை 52 என்று வைத்து அளந்தால், 233 இருக்க வேண்டிய இடத்தில் 275 காட்டும். வேறு வேறு மூவ்மெண்டுகளை ஒப்பிடும்போது இதைக் கேட்காமல் விடக்கூடாது. நம் இரண்டு வாட்சும் ஒரே மூவ்மெண்ட், இரண்டு மெஷினிலும் 52 என்றே இருந்தது. ஆகவே அந்த எண் சற்றுப் பிசகியிருந்தாலும் ஒன்று மற்றதைவிட எவ்வளவு சோர்ந்தது என்கிற விகிதம் மாறாது.

சொந்தமாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சாவி குறைவாகக் கொடுத்து, பேலன்ஸ் சரியாக 180 டிகிரி சுழலும்படி பாருங்கள். விளிம்பில் ஒரு சின்ன அடையாளம் இருந்தால், அந்த அளவில் அது வலப்பக்கம் போய் நிற்கும் இடமும் இடப்பக்கம் போய் நிற்கும் இடமும் ஒன்றாகிவிடும். அப்போது மெஷின் 180 காட்டும்வரை லிஃப்ட் ஆங்கிளை மாற்றினால், கிடைப்பதுதான் அந்த மூவ்மெண்டின் உண்மையான எண்.

பீட் எரரில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி வாட்சில் அது 2.8-லிருந்து 3.4 ஆக ஏறியதைப் பாருங்கள். நிலையை மாற்றியதால் பேலன்ஸின் நடு நிலை நகர்ந்துவிட்டதா? இல்லை. இரண்டு இடத்திலும் பிசகு ஏறக்குறைய 4 டிகிரிதான். அதே 4 டிகிரியை மெதுவான பேலன்ஸ் கடக்க அதிக நேரம் எடுக்கிறது, எனவே மில்லிவினாடி கூடுகிறது. ஆம்ப்ளிட்யூட் குறைந்த வாட்சில் பீட் எரர் எப்போதும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். இதே வாட்சை சர்வீஸ் செய்து 270-க்குக் கொண்டுவந்தால், பீட்டைத் தொடாமலேயே அது 2.0 பக்கம் இறங்கிவிடும். அதுவும் அதிகம்தான். 1 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது. அதிகம் இருந்தால் நின்றுபோன வாட்ச் சாவி கொடுத்தவுடன் தானாகக் கிளம்பாது, உலுக்க வேண்டியிருக்கும்.

அதைத் திருத்துவது எளிதா கடினமா என்பது பேலன்ஸ் காக்கைப் பார்த்தாலே தெரியும். ரெகுலேட்டரோடு இன்னொரு முள்ளும் நகரக்கூடியதாக இருந்தால், ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனை அதில் மாட்டியிருக்கும். மெஷினில் வைத்தபடியே நகர்த்திச் சரிசெய்யலாம். வெளிமுனை காக்கிலேயே நிலையாகப் பதிந்திருந்தால், பேலன்ஸை வெளியே எடுத்து, நடுவில் ஹேர்ஸ்பிரிங்கின் உள்முனையைப் பிடித்திருக்கும் காலெட்டைத் துளித் துளியாகத் திருப்பி, மறுபடி பொருத்தி அளக்க வேண்டும். கை நடுங்கினால் ஹேர்ஸ்பிரிங் போச்சு. தருமபுரி வாட்சின் 0.6-ஐ யாரும் தொட வேண்டியதில்லை.

அளக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரியில் லாரி ஓயாத சாலையோரக் கடைகளில் மேசையே அதிரும். மைக் அந்த அதிர்வையும் எடுத்துக்கொள்ளும், புள்ளிகள் சிதறும். சிதறலைப் பார்த்தவுடன் வாட்சைக் குறை சொல்லக்கூடாது. மைக்குக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் போட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் சிதறினால் அழுக்கோ காந்தமோ இருக்கலாம். காந்தம் ஏறி ஹேர்ஸ்பிரிங் சுருள்கள் ஒட்டிக்கொண்டால் ரேட் நூற்றுக்கணக்கான வினாடி வேகமாகப் பாயும், ஆகவே அது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

கிருஷ்ணகிரி வாட்சை எடுக்க ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லமாட்டேன். அதன் டயல் மறுபெயிண்ட் அடிக்காத பழைய டயல், கேஸும் பாலிஷில் தேயாதது. தருமபுரி வாட்சில் டயல் புதிதாக அடித்தது என்பது எழுத்துகளின் தடிமனிலேயே தெரிகிறது. எச்எம்டி வாட்ச் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டதால் நல்ல அசல் டயலை இனித் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் காய்ந்த எண்ணெயைக் கழுவிப் புதிதாக இடலாம். சேகரிப்புக்கு என்றால், முழுச் சர்வீஸ் செலவையும் ஒரு மெயின்ஸ்பிரிங்கின் விலையையும் கேட்ட தொகையிலிருந்து கழித்துக் கொடுக்கச் சொல்லி அதை வாங்கலாம். +3 என்ற எண்ணுக்காகக் கூடுதல் தொகை கொடுப்பதில் மட்டும் அர்த்தமில்லை.

தம்பிக்குத் தேவை தினமும் கட்டிப்போகும் வாட்ச், எனவே தருமபுரிதான். பணம் கொடுக்கும் முன் ஒன்று மட்டும் கேட்கச் சொன்னேன்: முழுச் சாவி கொடுத்து 24 மணி நேரம் கழித்து, மறுபடி சாவி கொடுக்காமல் இன்னொரு துண்டு. டயல் மேலே 220-க்குக் கீழே போகாமலும், சாவி கீழே 190 பக்கமாவதும் நின்றால் அதே இடத்தில் ரெகுலேட்டரை 30 வினாடி நகர்த்தச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் அந்த வாட்சுக்கும் சர்வீஸ் தேவை, விலையை அதற்கேற்பப் பேச வேண்டும்.