கடைசிக் காற்புள்ளி: போடுவதா, விடுவதா?

மண்டபத்திலும் பாம்பனிலும் கரையேறும் இறாலும் கணவாயும் நண்டும் ஐஸ் பெட்டிகளில் தூத்துக்குடிக்குப் புறப்படும்போது, கூடவே ஓர் ஆங்கிலக் காகிதமும் போகிறது. என்ன சரக்கு, எத்தனை பெட்டி, யார் யாருக்குப் பணம் என்று அதில் பட்டியல் இருக்கும். வியாபாரிகளுக்கு அந்தக் காகிதங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டியலின் கடைசிப் பொருளுக்கு முன்னால் வரும் ‘அண்ட்’டுக்கு முன்பு காற்புள்ளி வேண்டுமா, வேண்டாமா என்பதில் எங்கள் வட்டாரத்தில் ஆளுக்கொரு வழக்கம். பல நேரம் ஒரே காகிதத்திலேயே இரண்டு வழக்கம்.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும்கூட இதில் ஒத்துப்போவதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகமும் அமெரிக்காவின் சிகாகோ நடைக் கையேடும் போடச் சொல்கின்றன. அதனால்தான் அதற்கு ஆக்ஸ்போர்டு காற்புள்ளி என்றே பெயர். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு எளிய பட்டியல்களில் வேண்டாம் என்கிறது. குழப்பம் வருமென்றால் போடு என்றும் சொல்கிறது. நம் ஆங்கில நாளிதழ்கள் பெரும்பாலும் விட்டுவிடும் கட்சி. நான் போடும் கட்சி. ஏன் என்பதை ஒரு பெட்டிப் பட்டியலில் காட்டுகிறேன்.

```
Cartons: prawns, squid, crab and cuttlefish
```

இறால் ஒரு பெட்டி, ஊசிக் கணவாய் ஒரு பெட்டி. மிச்சம்? நண்டும் ஓட்டுக் கணவாயும் தனித்தனிப் பெட்டியா, ஒரே பெட்டியில் கலந்ததா? நான்கு பெட்டியா, மூன்றா? தமிழில் எழுதினால் ஒவ்வொரு பெயருக்கும் ‘உம்’ சேர்த்து எண்ணிவிடுகிறோம். கடைசிப் பெயருக்கு மட்டும் தனி ஏற்பாடு கிடையாது. அந்தப் பழக்கத்தில் இந்த ஆங்கில வரியின் இடைவெளி நம் கண்ணில் படுவதில்லை.

எப்போதும் விடுகிறவரின் காகிதத்தில் இது நான்கு பெட்டி. கலப்புப் பெட்டியாக இருந்தால் அவர் இன்னொரு ‘அண்ட்’ எழுதியாக வேண்டும். எப்போதும் போடுகிறவர் நான்கு பெட்டி என்றால் ‘கிராப்’ என்பதை அடுத்து காற்புள்ளி வைத்திருப்பார். கலப்பு என்றால் இப்படி எழுதுவார்:

```
Cartons: prawns, squid, and crab and cuttlefish
```

ஆக, எந்தக் கட்சியானாலும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் வாசிப்பவருக்கு வழி தெரியும். வழி அடைபடுவது இரண்டையும் கலந்து எழுதும்போதுதான். மேல் வரியில் காற்புள்ளி இருந்து இந்த வரியில் இல்லையென்றால், அது வேண்டுமென்றே விடப்பட்டதா, மறந்துபோனதா என்று பெட்டியை எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது. பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கிறது, ஐஸ் கரைகிறது.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டார்கள். மீன், இறைச்சி, விளைபொருள், கெட்டுப்போகும் உணவு ஆகியவை தொடர்பான சில வேலைகளுக்கு அந்த ஊதியம் கிடையாது என்று மாநிலச் சட்டம் சொன்னது. அந்த வேலைகளின் பட்டியல் இப்படி முடிந்தது:

```
storing, packing for shipment or distribution of
```

ஓட்டுநர்களின் வேலை விநியோகம். அது பட்டியலில் தனி வேலை என்றால் ஊதியம் இல்லை. அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ ‘பொதி கட்டுதல்’ என்பது ஒரே வேலை என்றால், பொதி கட்டாத ஓட்டுநர்களுக்கு விலக்கு பொருந்தாது, ஊதியம் உண்டு. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பிறகு காற்புள்ளி இருந்திருந்தால் நிறுவனம் சொன்னதுதான் பொருள் என்று ஆகியிருக்கும்.

இரு தரப்பின் வாதமும் கவனிக்கத் தக்கது. பொதி கட்டுதல்தான் கடைசி வேலை என்றால் அதற்கு முன் ‘அல்லது’ வந்திருக்க வேண்டும், வரவில்லையே என்றது நிறுவனம். நம் கலப்புப் பெட்டிக்கு இன்னொரு ‘அண்ட்’ வேண்டும் என்றோமே, அதே வாதம். மெய்ன் மாநிலச் சட்டம் எழுதுவோருக்கான கையேடு கடைசிக் காற்புள்ளியை விடச் சொல்வதையும் நிறுவனம் காட்டியது. ஓட்டுநர்கள் சொற்களின் வடிவத்தைக் காட்டினார்கள்: மற்ற வேலைகள் எல்லாம் ‘இங்’ என்று முடிகின்றன, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ மட்டும் முடியவில்லை, அது ‘ஷிப்மென்ட்’டுக்கு ஜோடி. கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரி இரு பொருள் தருகிறது என்றது. அப்படிப்பட்ட இடத்தில் தொழிலாளருக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிறகு மாநிலம் அந்த வரியைத் திருத்தியபோது வேலைகளுக்கு இடையில் அரைப்புள்ளிகளை வைத்து, கடைசிச் சொல்லையும் ‘இங்’ வடிவத்துக்கு மாற்றியது.

இதைப் படித்துவிட்டு, எல்லா இடத்திலும் காற்புள்ளியைப் போட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் பெயர்கள் வரும்போது அதுவே காலை வாரும்.

```
Pay the boat owners, Mani and Rafi.
Pay the boat owner, Mani, and Rafi.
```

முதல் வரியில் படகு உரிமையாளர்கள் பன்மை. மணியும் ரஃபியும்தான் அந்த உரிமையாளர்களா, அவர்களைத் தவிர இவ்விருவரா என்று தெரியவில்லை. ரஃபிக்கு முன் காற்புள்ளி வைத்தால் இவர்கள் வேறு ஆட்கள் என்று தெளிவாகிவிடும். இரண்டாம் வரியில் உரிமையாளர் ஒருவர்தான். அங்கே இரண்டு காற்புள்ளிகளும் சேர்ந்து ‘உரிமையாளரான மணி’ என்ற பொருளைக் கொண்டுவந்துவிடுகின்றன. பணம் இருவருக்கா, மூவருக்கா? இங்கே கடைசிக் காற்புள்ளியை எடுத்தால்தான் மூவர் என்று புரிகிறது, ஏனென்றால் ஒரு உரிமையாளர் இரண்டு ஆளாக இருக்க முடியாது. பன்மையில் காப்பாற்றும் குறி ஒருமையில் குழப்புகிறது.

இந்த இடத்தில் எந்தக் கட்சியின் விதியும் உதவாது. வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

```
Pay Mani, Rafi, and the boat owner.
```

பெயர்கள் முன்னே, பொறுப்பைச் சொல்லும் சொல் கடைசியில். இப்போது காற்புள்ளி இருந்தாலும் எடுத்தாலும் மூவர்தான். பணம் சம்பந்தப்பட்ட வரிகளில் நான் எப்போதும் இந்த வரிசையில்தான் எழுதுகிறேன். உரிமையாளர்கள் இவர்களேதான் என்று சொல்ல வேண்டுமானால், பெயர்களுக்கு முன் காற்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைத்தால் போதும்.

ஊர்ப் பெயரும் எடையும் சேர்ந்து வரும் பட்டியலுக்கு இந்தச் சண்டையே வேண்டாம். ஒவ்வொரு உருப்படிக்குள்ளும் ஏற்கெனவே காற்புள்ளி இருப்பதால், உருப்படிகளை அரைப்புள்ளியால் பிரித்துவிடலாம். அல்லது ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனி வரிகளில் எழுதலாம்.

வாங்கும் கம்பெனி தன் படிவத்தில் கடைசிக் காற்புள்ளி இல்லாமல் எழுதினால், அந்தக் காகிதம் முழுவதும் அவர்கள் வழக்கத்துக்கே போய்விடுகிறேன். என் கட்சியைப் பாதிப் பக்கத்தில் நுழைப்பது இரண்டையும் கெடுக்கும். அனுப்புவதற்கு முன் கணினியில் ‘அண்ட்’, ‘அல்லது’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தேடி, அகப்படும் ஒவ்வொன்றிலும் மூன்றைப் பார்க்கிறேன்: மற்ற வரிகளைப் போலவே இங்கும் காற்புள்ளி இருக்கிறதா, கடைசி இரண்டு பொருளும் ஜோடியாகப் படிக்க இடம் தருகிறதா, முதல் உருப்படியின் விளக்கம் போலப் பின்னால் வரும் பெயர்கள் தோன்றுகின்றனவா. மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றால் காற்புள்ளியைத் தொடாமல் வரிசையை மாற்றிவிடுகிறேன்.