லாஸோ பூஜ்ஜியமாக்குகிறது, ரிட்ஜ் சுருக்குகிறது: ஏன்?

லாஸோ, ரிட்ஜ் இரண்டுமே நேரியல் பின்னடைவு மாதிரியைப் பொருத்தும் முறைகள்; தரவின் ஒவ்வொரு பத்திக்கும் மாதிரி தரும் எடைகள் பெரிதாவதை இரண்டுமே தண்டிக்கின்றன. லாஸோ எடையின் தனி மதிப்பையும், ரிட்ஜ் அதன் வர்க்கத்தையும் பிழையோடு கூட்டுகிறது. ஒரே ஓர் எடையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அந்த எடை w, தண்டனையின் வலிமை λ, தண்டனை இல்லாதபோது தரவு கேட்கும் மதிப்பு z என்போம்.

```
லாஸோ: ½(w − z)² + λ|w|
ரிட்ஜ்: ½(w − z)² + ½λw²
```

λ = 0.5, z = 0.3 என்று கொள்வோம். ரிட்ஜின் விடை z/(1+λ), அதாவது 0.2. லாஸோவின் விடை சரியாக 0. காரணம் சரிவில் இருக்கிறது. ரிட்ஜ் எடையை λw அளவுக்கு இழுக்கிறது. எடை குறையக் குறைய இழுப்பும் தளர்ந்து, பூஜ்ஜியத்தின் அருகே ஒன்றுமில்லாமல் போகிறது. லாஸோவின் இழுப்போ எடை எவ்வளவு சிறுத்தாலும் 0.5-ஆகவே நிற்கிறது. தரவின் எதிர் இழுப்பு அதிகபட்சம் 0.3தான், அதனால் எடை பூஜ்ஜியத்திலேயே சிக்கிக்கொள்கிறது.

z = 3 ஆனால் நிலைமை தலைகீழ்: ரிட்ஜ் 2 தருகிறது, லாஸோ 2.5 தருகிறது. பெரிய எடையை அதிகம் வெட்டுவது ரிட்ஜ்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் லாஸோவின் தேர்வை அப்படியே நம்பிவிடக் கூடாது. வீட்டின் பரப்பளவைச் சதுர அடியிலும் சதுர மீட்டரிலும் பதிந்த இரு பத்திகள் சிறு அளவீட்டுப் பிழைகளோடு இருந்தால், அது பெரும்பாலும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். தரவு சற்று மாறினால் தேர்வும் மாறும். தரப்படுத்திய பத்திகளில் ரிட்ஜ் எடையை இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துவிடும். இத்தகைய தரவுக்கு நான் ரிட்ஜையே எடுப்பேன்.