லேப்டாப்பில் மறைந்த படம், போனில் அப்படியே இருந்தது

2012இல் ஒரு பழைய மொரிஸ் மைனர் காரை வாங்கித் திருத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, ஓர் இலவசப் படத்தளத்தில் ஏற்றி, அந்த இணைப்பைப் பழைய கார்க்காரர்கள் கூடும் மூன்று இணையக் கருத்துக்களங்களில் ஒட்டிவிடுவேன். மொத்தம் 14 படங்கள். அவற்றில் ஒன்றில் என் மகள் நான்கு வயதில் பொனட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். இலக்கத் தகடும் வெள்ளவத்தை வீட்டு இலக்கமும் பின்னால் தெளிவாகத் தெரியும். அப்போது அதெல்லாம் யோசிக்கவில்லை. இப்போது அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். "அப்பா, எடுத்துவிடுங்கோ" என்றாள்.

அந்தக் களங்களில் பழைய பதிவைத் திருத்தும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பொறுப்பாளர்களுக்கு எழுதினால் பதில் இல்லை. ஆனால் படம் அங்கே இல்லை, வெறும் இணைப்புத்தான் இருக்கிறது. படத்தளத்தில் மூலத்தை அழித்துவிட்டால் மூன்று இடத்திலும் தானாகவே காணாமல் போகும் என்று நம்பினேன். இவ்வளவும் தெரிந்தும், பழைய கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனதால் பம்பலப்பிட்டியில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். அதுதான் பிழை.

கடைக்காரர் 12,000 ரூபா கேட்டார், பாதி முற்பணம். என் மின்னஞ்சல் வழியாகக் கடவுச்சொல்லை மீட்டு, லேப்டாப்பையும் ஒரு நாள் வைத்துக்கொண்டார். மறுநாள் என் முன்னாலேயே மூன்றில் இரண்டு பக்கங்களைத் திறந்து காட்டினார். படம் இருந்த இடமெல்லாம் உடைந்த சின்னம். "பாருங்கோ ஐயா, எல்லாம் போயிட்டுது." மீதிக் காசையும் கொடுத்தேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கிழமை கழித்து மகள் தன் போனில் காட்டினாள். பொனட்டும் பிள்ளையும் அப்படியே இருந்தார்கள். கடைக்கு அழைத்தால், "அது கேஷ் ஐயா, ஒரு மாதம் போகும்" என்றார். கேஷ், அதாவது பிரதி எடுத்து வைத்துக்கொள்வது, உண்மையான விஷயம்தான். முன்பு பார்த்த படத்தை உலாவி தன்னிடம் வைத்திருந்து காட்டும். படத்தளத்தின் இடைநிலை சேவையகங்களும் சில மணிநேரமோ சில நாளோ ஒரு பிரதியை வைத்திருக்கலாம். ஆனால் இது மகளின் புதுப் போன், அந்தப் பக்கத்தை அதில் அவள் முன்பு திறந்ததே இல்லை. சேவையகப் பிரதி என்றால் என் லேப்டாப்பிலும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டு வைஃபையில் ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாமல் இருந்தால் கோளாறு பெரும்பாலும் படம் தெரியாத கருவிக்குள்.

இன்னொரு தடயம் அன்றே என் கண்ணில் பட்டது. அதே பக்கத்தில், அதே தளத்தில் மற்றவர்கள் ஏற்றியிருந்த படங்களும் என் லேப்டாப்பில் உடைந்திருந்தன. பழசு, செத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பெறாமகன் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். விண்டோஸில் `C:\Windows\System32\drivers\etc\hosts` என்ற கோப்பு இருக்கிறது. ஒரு தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போகும் என்று கணினி முதலில் அங்கேதான் பார்க்கும். அதன் கடைசி வரி இப்படி இருந்தது (தளத்தின் பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
127.0.0.1  i.example.com
```

127.0.0.1 என்றால் அந்தக் கணினியேதான். படத்தளத்துக்குப் போகிற கேள்வியைத் திருப்பி என் லேப்டாப்புக்கே அனுப்பியிருக்கிறார். அங்கே படம் எப்படி இருக்கும்? ஒரு வரி தட்டியதற்கு 12,000 ரூபா. உங்களுக்கும் யாராவது இப்படி "அழித்து" காட்டினால், அதே கணினியில் கட்டளை தட்டும் கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து `ping i.example.com` என்று தட்டிப் பாருங்கள், உங்கள் தளத்தின் பெயரோடு. 127.0.0.1 வந்தால் அதே விளையாட்டுத்தான். அதைவிட எளிது: வைஃபையை அணைத்து, வேறொருவருடைய போனில், மொபைல் டேட்டாவில் பார்ப்பது.

சரி, கணக்குக்குள் அவர் எதையுமே செய்யவில்லையா என்று பார்த்தோம். செய்திருந்தார், அரைகுறையாக. ஆல்பத்தை "private" ஆக்கியிருந்தார். நிறையப் பேர் சறுக்குகிற இடம் இதுதான். ஆல்பம் என்பது படங்களைக் கோத்துக் காட்டும் பக்கம் மட்டுமே. வெளியே ஒட்டியிருப்பது ஆல்பத்தின் இணைப்பு இல்லை, `.jpg` என்று முடியும் படத்தின் நேரடி இணைப்பு. நான் பயன்படுத்தியதுபோன்ற தளங்களில் ஆல்பத்தை மறைத்தாலும், ஆல்பத்திலிருந்து படத்தை நீக்கினாலும், நேரடி இணைப்பு தொடர்ந்து வேலை செய்யும். ஒவ்வொரு படத்தையும் தனியே திறந்து "Delete image" கொடுக்க வேண்டும், ஆல்பத்திலிருந்து எடுக்கும் "Remove" இல்லை. அப்படிக் கணக்கில் இருந்த 11 படங்கள் போயின.

முதலில் கடவுச்சொல்லை மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரிடம் அது இருந்ததே! மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் சேர்த்து மாற்றினேன்.

மீதி மூன்று படங்களைக் கணக்கில் நுழையாமலே ஏற்றியிருந்தேன். அப்படி ஏற்றினால் படத்தோடு ஓர் அழிப்பு இணைப்பும் தருவார்கள். தளத்தாரைத் தவிர, அதை வைத்திருப்பவர் மட்டும்தான் அழிக்கலாம், தொலைத்தால் கணக்குப் பக்கத்தில் தேடிப் பயனில்லை. நல்லகாலம், அந்த நாளில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சலில் இரண்டு கிடந்தன. மூன்றாவது, பார்த்தால், மகளின் படமே. அதற்குப் படத்தளத்துக்கு நேரடி இணைப்பைக் கொடுத்து, படத்தில் இருப்பது சிறுபிள்ளை, ஏற்றியது அவளின் தந்தை, வீட்டு இலக்கம் தெரிகிறது என்று எழுதினேன். நான்காம் நாள் எடுத்துவிட்டார்கள்.

அழிந்ததா என்று இந்த முறை கண்ணை நம்பவில்லை. கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, hosts வரியை அழித்த பிறகு, ஒவ்வொன்றாகக் கேட்டோம்:

```
curl -I https://i.example.com/aB3xY.jpg
```

முதல் வரியில் 200 வந்தால் படம் இன்னும் வருகிறது. 404 அல்லது 410 என்றால் போய்விட்டது. சில தளங்கள் 302 தந்து "இந்தப் படம் இல்லை" என்ற ஒரு பொதுப் படத்துக்குத் திருப்பிவிடும், அப்போது `location` வரியில் அந்தப் பொதுப் படத்தின் பெயர் இருக்கும், அதுவும் சரியே. எங்களுக்கு அன்றிரவு இரண்டு படங்கள் 200 காட்டின, மறுநாள் மாலை அவையும் 404. அதுதான் உண்மையான கேஷ்.

ஆனால் கடைக்காரர் திறந்து காட்டாத மூன்றாவது களத்தில் பொனட் படம் மட்டும் போகவே இல்லை. படத்தின் மேல் வலது சொடுக்குப் போட்டு முகவரியை நகலெடுத்தால், பெயர் படத்தளத்துடையது இல்லை, அந்தக் களத்துடையதே. சில கருத்துக்கள மென்பொருள்கள் வெளியிலிருந்து வரும் படத்தைத் தன் சேவையகத்துக்கே இறக்கி வைத்துக்கொள்ளும். மூலத்தை எத்தனை தடவை அழித்தாலும் அந்தப் பிரதிக்கு ஒன்றும் ஆகாது. அதை அந்தக் களத்தை நடத்துபவர்தான் எடுக்க வேண்டும். கூகுள் படத் தேடலில் நின்ற சிறுபடங்களுக்கு அவர்களுடைய "Refresh Outdated Content" பக்கத்தில் இணைப்பைக் கொடுத்தோம், மூலம் அழிந்திருந்தபடியால் ஏற்றுக்கொண்டார்கள். பிரதி நிற்கிற அந்த ஒன்றை அங்கேயும் ஏற்கவில்லை, படம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது.

கடைக்குப் போனபோது அங்கே வேறொரு பையன் இருந்தான். "அண்ணா ஊருக்குப் போயிட்டார்" என்றான். பொனட் படத்துக்காக நடத்துபவருக்கு மூன்றாவது கடிதம் போட்டிருக்கிறேன், இந்த முறை மகளும் தன் பெயரில் ஒன்று எழுதியிருக்கிறாள்.