நான்கு சிக்னல், ஒரே டாலர்: ‘ரிஸ்க்கைப் பிரித்துத் தருகிறோம்’ என்கிற கட்டணக் குழுக்கள் பற்றி ஓர் எச்சரிக்கை

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு ஃபாரெக்ஸ் சிக்னல், அதாவது எந்தக் கரன்சியை எப்போது வாங்கலாம், விற்கலாம் என்ற குறிப்பு அனுப்பும் குழுக்கள் பலவற்றில் ஒரே மோசடி திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரே பந்தயத்தை நான்காக வெட்டி, நான்கு தனித்தனி வாய்ப்புகள் போல விற்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு சந்தாதாரரின் கணக்கில் நடந்ததை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குழுவின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையைச் செய்கிற குழுக்கள் நிறைய.

அவருடைய கணக்கில் 10,000 டாலர் இருந்தது. ‘ஒரு டிரேடுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ரிஸ்க் எடுக்கவே மாட்டோம்’ என்பது குழுவின் வாக்குறுதி. 2022 நவம்பர் 10 அன்று வந்த சிக்னல்கள் இவை: EURUSD விற்கவும், GBPUSD விற்கவும், USDJPY வாங்கவும், USDCHF வாங்கவும். பிப் என்பது விலை நகர்வின் சிறு அலகு, லாட் என்பது டிரேடின் அளவு, ஸ்டாப் லாஸ் என்பது விலை அந்த எல்லையைத் தொட்டதும் டிரேடை நஷ்டத்தில் மூடும் ஆர்டர். யூரோவுக்கு 50 பிப் ஸ்டாப் லாஸ், 0.40 லாட். பவுண்டுக்கு 80 பிப், 0.25 லாட். யென்னுக்கு 100 பிப், 0.29 லாட். ஃபிராங்க்குக்கு 50 பிப், 0.39 லாட். தனித்தனியாகக் கணக்குப் போட்டால் ஒவ்வொன்றிலும் நஷ்டம் ஏறக்குறைய 200 டாலர்தான் வரும். வாக்குறுதி மீறப்பட்டதாகத் தெரியாது.

அன்று சிங்கப்பூர் நேரப்படி இரவு 9:30-க்கு அமெரிக்காவின் அக்டோபர் மாதப் பணவீக்க எண் வந்தது. 7.7 சதவீதம், சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வட்டி உயர்வின் வேகம் குறையும் என்ற எண்ணத்தில் டாலர் எல்லாக் கரன்சிகளுக்கும் எதிராக ஒரே நேரத்தில் சரிந்தது. 146-க்குப் பக்கத்தில் இருந்த USDJPY அன்றே 141-க்கு வந்துவிட்டது. யூரோ 1.02-ஐத் தொட்டது, பவுண்டு 1.17-ஐத் தொட்டது. நான்கு ஸ்டாப்களும் அடிபட்டன. செய்தி நேரத்தில் ஸ்டாப் ஆர்டர் கிடைக்கிற விலையில்தான் முடியும், போட்டுவைத்த விலையில் அல்ல. அதனால் நஷ்டம் 800 டாலரையும் தாண்டியது. 2 சதவீதம் என்று நம்பியவருக்கு ஒரே இரவில் 8 சதவீதத்துக்கு மேல் போனது.

கேள்வி கேட்டவருக்குக் குழு ஓர் அட்டவணையை அனுப்பியது. அதில் EURUSD-க்கும் USDCHF-க்கும் இடையிலான கோரிலேஷன், அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று −1 முதல் +1 வரை காட்டும் எண், −0.9 என்று இருந்தது. ‘பாருங்கள், இரண்டும் எதிரெதிராகப் போகும் ஜோடிகள், ஒன்றின் நஷ்டத்தை மற்றது ஈடுகட்டும், உங்களுக்கு ஹெட்ஜ் செய்துதான் கொடுத்தோம்’ என்று விளக்கம் வேறு. ஏமாற்று வேலையின் மையமே இந்த அட்டவணைதான். எண் சரியானதே. ஆனால் அது ஜோடிகளின் விலைக்கு இடையிலான உறவு, உங்கள் டிரேடுகளுக்கு இடையிலான உறவு அல்ல. இரண்டு ஜோடிகளையும் ஒரே பக்கமாக, அதாவது இரண்டையும் வாங்கியோ இரண்டையும் விற்றோ வைத்திருந்தால்தான் அந்த மைனஸ் உங்களுக்கு உதவும். ஒன்றை விற்று மற்றதை வாங்கினால் குறி மாறி, அது +0.9 ஆகிவிடும். USDCHF-ல் டாலர் முன்னால் நிற்கிறது, EURUSD-ல் பின்னால் நிற்கிறது. எனவே யூரோவை விற்பதும் ஃபிராங்க் ஜோடியை வாங்குவதும் டாலரை இரண்டு முறை வாங்குவதுதான்.

இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் தேவையில்லை. ஒவ்வொரு டிரேடையும் இரண்டு கரன்சியாகப் பிரித்து, எதை வாங்கியிருக்கிறீர்கள், எதை விற்றிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 1 லாட் என்பது முதல் கரன்சியில் 100,000. மேலே சொன்ன கணக்கில் 40,000 யூரோவை விற்றதில் சுமார் 40,000 டாலர் வாங்கியாகிறது. 25,000 பவுண்டை விற்றதில் ஏறக்குறைய 28,500 டாலர். யென் ஜோடியில் 29,000, ஃபிராங்க் ஜோடியில் 39,000. கூட்டினால் 136,500 டாலர், எல்லாம் ஒரே பக்கம். 10,000 டாலர் கணக்கில் டாலர் மீது மட்டும் பதின்மூன்றரை மடங்குக்கு மேல் பந்தயம். சிக்னல் வந்த உடனே இந்தக் கூட்டலைப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

இரட்டிப்பு எவ்வளவு என்று எண்ணாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. சம அளவு ரிஸ்க் r உள்ள n டிரேடுகள், அவற்றுக்கிடையே சராசரி கோரிலேஷன் ρ என்றால்:

```
R = r × √(n + n(n−1)ρ)
```

நான்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்றால், ρ = 0, மொத்தம் 4 சதவீதம். ρ = 0.8 என்றால் 7.4 சதவீதம். ‘பிரித்துத் தருகிறோம்’ என்று சந்தா வாங்கியவர்கள் உண்மையில் பிரித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கோரிலேஷனை நீங்களே கணக்கிடும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. விலைகளை அப்படியே எக்செலின் CORREL-ல் போடக் கூடாது. இரண்டு விலைகளும் சில மாதம் ஒரே திசையில் நகர்ந்திருந்தாலே எண் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். முதலில் தினசரி மாற்றத்தை எடுத்து, அதில் கடைசி 60 நாட்களுக்குப் பார்க்க வேண்டும்:

```
=LN(B3/B2)
=CORREL(D3:D62,E3:E62)
```

ஒரு ஜோடியின் விலை B-யிலும் மாற்றம் D-யிலும், மற்றதன் விலை C-யிலும் மாற்றம் E-யிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரேடின் திசை எதிரெதிராக இருந்தால் வந்த விடையின் குறியை மாற்றிவிடுங்கள்.

இந்த எண்ணும் நிலையானது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘அப்படியானால் EURUSD, USDCHF இரண்டையும் வாங்கி வைத்தால் பாதுகாப்புதானே’ என்று கேட்பார்கள். இரண்டையும் சம டாலர் மதிப்பில் வாங்கினால் டாலர் கழிந்துபோய், மிஞ்சுவது EURCHF வாங்கிய நிலை. சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரில் ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று கீழ் எல்லை வகுத்திருந்தது. 2015 ஜனவரி 15 அன்று அதை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. EURCHF சில நிமிடங்களில் 1-க்கும் கீழே விழுந்தது. அன்று USDCHF-ம் சரிந்தது, EURUSD-ம் இறங்கியது. ஹெட்ஜ் என்று நினைத்த இரண்டு கால்களிலும் நஷ்டம். கோரிலேஷன் அட்டவணை இதைக் காட்டாது. கரன்சி வாரியாகப் பிரித்து எழுதிய தாள் காட்டும்.

டாலர் ஏறும் என்பதுதான் உங்கள் கருத்து என்றால், அதற்கு ஒரே ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து 2 சதவீதம் வையுங்கள். நான்கிலும் நுழைந்தே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் அரை சதவீதம். அதாவது மேலே உள்ள யூரோ டிரேடு 0.40 அல்ல, 0.10 லாட். குழு இப்படிச் சொல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் பணம்தான். புரோக்கரிடமிருந்து லாட் கணக்கில் கமிஷன் வாங்கும் குழுக்களுக்கு ஒன்றுக்கு நான்கு டிரேடு லாபம், லாட் குறைந்தால் நஷ்டம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அனுமதியில்லாத ஆன்லைன் தளங்களில் EURUSD போன்றவற்றில் டிரேட் செய்வது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு எதிரானது. அப்படிப்பட்ட தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டுவருகிறது. எக்ஸ்சேஞ்சில் உள்ள USDINR, EURINR, GBPINR மூன்றையும் ஒன்றாக வாங்கினாலும் மூன்றிலும் நீங்கள் விற்றிருப்பது ரூபாயைத்தான்.

சந்தா கட்டுவதற்கு முன் குழுவின் பழைய சிக்னல்களைத் தேதி, நேரத்தோடு கேளுங்கள். ஒரே நாளில் ஒரே கரன்சி மீது வந்தவற்றை எல்லாம் ஒன்றாக எண்ணுங்கள். 40 வெற்றி என்று விளம்பரம் செய்தவர்களிடம் உண்மையில் 10 முடிவுகள்தான் இருக்கலாம். தேதி தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.