"ஏன் இருக்கிறீர்கள்?" என்பதா, "எப்போது போக நினைத்தீர்கள்?" என்பதா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் பாய்லர் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சாலையில் சிங்கப்பூரை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். அவற்றை ஓட்டுகிறவர்களில் சிலர் என்னிடம் வேலை பார்த்தவர்கள். ராஜினாமா கடிதம் வந்த பிறகு "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்பதில் பயனில்லை, அதற்குள் மனம் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்திருக்கும். அதனால் நல்ல ஆட்களுடன் அவர்கள் வேலையில் இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு தடவை தனியாக உட்கார்ந்து பேசுகிறேன். அதில் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"வேலை பிடித்திருக்கிறதா?" என்பது முதல் விதம். "நல்லாத்தான் இருக்கிறது சார்" என்று பதில் வரும். முதலாளி பக்கத்து ஆள் கேட்டால் வேறு எதைச் சொல்வார்கள்? இதை விட்டுவிடலாம்.

"என்ன செய்தால் இங்கேயே இருப்பீர்கள்?" என்பது அடுத்தது. பலரும் விரும்பிக் கேட்பது இதைத்தான். ஆனால் கேட்ட நொடியில் பேச்சு பேரமாகிவிடுகிறது. சம்பளத்தைத்தான் முதலில் சொல்வார்கள், ஏனென்றால் சொல்வதற்கு எளிதானது அதுதான். அந்த எண்ணை நம்மால் கொடுக்க முடியாவிட்டால், கேட்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலைமைக்கு வந்துவிடுவோம்.

மூன்றாவது, நடந்ததைக் கேட்பது: "போய்விடலாம் என்று கடைசியாக எப்போது தோன்றியது? அன்று என்ன நடந்தது?" தோன்றியதா என்று கேட்பதில்லை, எப்போது என்றுதான் கேட்கிறேன். அப்படித் தோன்றுவது இயல்பு என்பதைக் கேள்வியே ஒப்புக்கொள்வதால் எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் குறைகிறது.

எங்களிடம் சான்றிதழ் பெற்ற பாய்லர்காரர் ஒருவர் இருக்கிறார். ஒன்பது வருட அனுபவம். இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில், "சிங்கப்பூர் சம்பளம் தெரியுந்தானே சார்." நான் வாயடைத்துப் போனேன். மறு ஆண்டு மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது சற்று நேரம் கையிலிருந்த தேநீர்க் குவளையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பொண்ணுக்குத் தமிழ்ப்பள்ளியில் பரிசளிப்பு விழா. முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது என்று மெசேஜ் வந்தது. அன்றைக்குத்தான் கூட்டாளிக்கு போன் போட்டு அந்தப் பக்கம் வேலை இருக்கிறதா என்று கேட்டேன்."

சிங்கப்பூர் டாலரோடு என்னால் போட்டி போட முடியாது. ஆனால் ஷிப்ட் அட்டவணை என் கையில் இருக்கிறது. செம்பனைக் குலைகளை அறுத்த பிறகு வைத்திருந்தால் எண்ணெயின் அமிலத்தன்மை ஏறிவிடும். ஆகவே லாரிகள் தாமதமாக வரும் நாளில் ஆள் மாற்றம் தவிர்க்க முடியாது. அதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அட்டவணையை ஏழு நாளுக்கு முன்பே ஒட்டுவது, அவசரத்துக்கு முதலில் விருப்பப்பட்டவரைக் கேட்பது, இந்த இரண்டை மட்டும் ஒப்புக்கொண்டேன். எப்போது தொடங்கும் என்று தேதியும் சொன்னேன். தேதி சொல்லாத வாக்குறுதி பேசாமலிருப்பதைவிடக் கெடுதல். ஆள் மனம் திறந்து பேசியிருக்கிறார், நாம் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

இந்தக் கேள்விக்கும் ஓர் ஆபத்து உண்டு. சம்பள உயர்வு முடிவாகும் மாதத்தில் கேட்டால், போகிறவர் யார் என்று கணக்கெடுப்பதாகவே நினைப்பார்கள். பேசியதைக் கோப்பில் எழுதினால் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். நான் ஒப்புக்கொண்டதை மட்டுமே நான் குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் போக வைத்த நாளை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். "அப்படியும் போகாமல் இருக்க வைத்தது எது?" என்று தொடர்ந்து கேட்க வேண்டும். அதே பாய்லர்காரர் சொன்னார்: "ஆலை வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். அம்மாவும் பக்கத்து லயத்தில் இருக்கிறார்." கேட்க இனிமையான பதில். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதற்குள் ஒரு கெடு ஒளிந்திருப்பது தெரியும். பெண் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன அன்றே அந்தப் பிடிமானத்தில் பாதி கழன்றுவிடும். இருக்கும் காரணம் ஒவ்வொன்றையும் "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று மனத்துக்குள் உரசிப் பார்ப்பது அப்போதிருந்துதான் எனக்குப் பழக்கமாயிற்று.

அவர் மகள் இப்போது நான்காம் ஆண்டில் படிக்கிறாள். இடைநிலைப்பள்ளி பார்க்கத் தொடங்கும் முன், அடுத்த ஆண்டு இறுதியிலேயே அவருடன் மறுபடி உட்காரப்போகிறேன்.